பாட்டு எந்த வருஷத்தது? வகுப்பா, உலக அழகியா, கேசட்டா: மூன்று நினைவுகளின் ஒப்பீடு

பெரியம்மா மகள் கரூரிலிருந்து போன் செய்தாள். "டேய், ஒரு பாட்டுடா. பொம்பளைக் குரல். வரி ஒண்ணும் ஞாபகம் இல்ல. ரோஜா வந்த சமயம். கண்டுபிடிச்சுக் குடேன்."

வரி தெரிந்தால் இரண்டு நிமிட வேலை. வரி தெரியாத பாட்டுக்கு, எந்த வருஷம் என்பதை முதலில் நிறுத்திக்கொண்டு, அந்த வருஷத்துப் பாட்டுகளை வரிசையாகப் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. இங்கிலாந்துக்காரருக்கு இது சுலபம். 1952 முதல் அங்கே வாராவாரம் விற்பனைப் பட்டியல் இருக்கிறது, அமெரிக்காவில் ஹாட் 100 என்ற பட்டியல் 1958 முதல் வருகிறது. தேதி தெரிந்தால் அந்த வாரம் எந்தப் பாட்டு ஓடியது என்று பார்த்துவிடலாம். தொண்ணூறுகளின் தமிழ்ப் பாட்டுக்கு நாம் கையில் எடுக்கக்கூடியது படங்களின் வெளியீட்டுப் பட்டியல்தான். வருஷத்துக்கு நூறு படம், படத்துக்கு ஐந்து பாட்டு என்று குறைத்துக் கணக்குப் போட்டாலும் ஒரு வருஷத்துக்கு ஐந்நூறு பாட்டு. வருஷம் இரண்டு தள்ளிப் போனால் ஆயிரம் பாட்டு வீணாகக் கேட்க வேண்டும். எனவே எந்த நினைவைப் பிடித்து வருஷத்துக்குப் போவது என்பதுதான் முழுக் கேள்வியும்.

ஒரு வாரம் நான் தப்பான நினைவைப் பிடித்துக்கொண்டு அலைந்தேன்.

"ரோஜா வந்த சமயம்" என்று அக்கா சொன்னதை அப்படியே நம்பினேன். ரோஜா 1992 ஆகஸ்ட்டில் வந்தது. 1992-ன் பின்பாதியையும் 1993-ன் தொடக்கத்தையும் அலசினேன், ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகுதான் உறைத்தது. பெரிய வெற்றி பெற்ற படத்தை வைத்துக் காலம் சொல்வது அநேகமாக எல்லோரும் செய்வது, ஆனால் அதுதான் மிகவும் வழுக்குகிற நினைவு. ரோஜா பாட்டுகள் 1992-ல் ஒலித்து அதோடு நின்றுவிடவில்லை. பேருந்திலும் டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் பல வருஷம் ஓடின. "ரோஜா சமயம்" என்று அக்கா சொல்லும்போது அவள் மனதில் இருப்பது ஒரு மாதமல்ல, அந்த மாதிரி இசை புதிதாகக் கேட்ட ஒரு நீண்ட காலம். இந்த நினைவை இசையமைப்பாளரையோ பாணியையோ ஊகிக்கப் பயன்படுத்தலாம். வருஷத்துக்கு ஆகாது.

அடுத்தது ஊர் உலகச் செய்தி. "ஐஸ்வர்யா ராய் ஜெயிச்சப்போ எங்க கிளாஸ்ல அதே பேச்சு, அந்தச் சமயம்தான்" என்று அடுத்த போனில் சொன்னாள். இந்த வகை நினைவுக்கு ஆராய்ச்சியிலேயே ஒரு மதிப்பு உண்டு. செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை 1980-ல் வெடித்ததை அடையாளமாக வைத்து, அதற்குப் பிறகு உங்களுக்கு இன்னது நடந்ததா என்று கேட்டால், ஆட்கள் காலத்தில் செய்யும் பிழை குறைகிறது என்று எலிசபெத் லாஃப்டஸும் அவருடன் பணியாற்றியவரும் 1983-ல் காட்டினார்கள். தேதி உறுதியான நிகழ்ச்சி ஒன்று நடுவில் நிற்பதுதான் காரணம்.

ஆனால் இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. 1994-ல் இந்தியாவுக்கு இரண்டு பட்டங்கள் கிடைத்தன. மே மாதம் சுஷ்மிதா சென் பிரபஞ்ச அழகி, நவம்பரில் ஐஸ்வர்யா ராய் உலக அழகி. முப்பது வருஷம் கழித்து இந்த இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடும். அக்காவுக்குக் கலந்திருந்தாலும் வருஷம் 1994 என்பது மாறாது, அது நல்லது. மாதம்தான் ஆறு தள்ளிப் போகும். "கிளாஸ்ல பேச்சு" என்ற சொல் இங்கே உதவியது. மே மாதம் பள்ளி கிடையாது, எனவே அது நவம்பர். இப்படிச் செய்தியோடு சேர்ந்து ஒரு இடமும் நினைவில் வந்தால்தான் அதை நம்புவேன். அப்போதும்கூட அந்தச் செய்திக்கும் பாட்டுக்கும் நடுவே உள்ள முடிச்சு தளர்வானது. இரண்டும் ஒரே நாளில் நடந்தன என்று அவள் சொல்லவில்லை, ஒரே "சமயம்" என்றுதான் சொன்னாள்.

மூன்றாவது, வகுப்பு. என் கணக்கில் இதுதான் மற்றதையெல்லாம் விட உறுதி. பாட்டைக் கேட்டபோது என்ன சீருடை போட்டிருந்தாய் என்று கேட்டேன். கொஞ்சமும் யோசிக்காமல், "தாவணி. பிளஸ் ஒன்ல இருந்துதான் எங்களுக்குத் தாவணி" என்றாள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். அதில் தேர்வு எழுதிய மாதமும் வருஷமும் அச்சாகியிருக்கும். மார்ச் 1994. அப்படியென்றால் பிளஸ் ஒன் என்பது 1994 ஜூனில் தொடங்கி 1995 ஏப்ரல் வரை.

வகுப்பை வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் தடுக்கி விழும் இடமும் இதுதான். படிப்பு வருஷம் இரண்டு காலண்டர் வருஷத்தில் கால் வைத்திருக்கிறது. "பிளஸ் ஒன் என்றால் 94" என்று எழுதிக்கொண்டு 1995 பொங்கல் படங்களை விட்டுவிடுவார்கள். எனவே பருவத்தையும் கேட்க வேண்டும். மனிதர்களுக்கு வருஷத்தை விடக் காலையா மாலையா, மழையா வெயிலா என்பது நன்றாக நினைவிருக்கும். அக்காவுக்கும் இருந்தது: மார்கழி, விடியற்காலை, வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருக்கிறாள். கோயில் ஸ்பீக்கரில் திருப்பாவை, எதிர் வீட்டு டூ இன் ஒன்னில் இந்தப் பாட்டு. ஆக 1994 டிசம்பர் நடுவிலிருந்து 1995 ஜனவரி நடு வரை.

இப்போது நின்று யோசிக்க வேண்டிய ஒன்று. நமக்குக் கிடைத்திருப்பது பாட்டைக் கேட்ட தேதி, பாட்டு வந்த தேதி அல்ல. அந்த மார்கழிக்குப் பிறகு வந்த பாட்டாக இருக்க முடியாது, அவ்வளவுதான். வகுப்பு நினைவும் செய்தி நினைவும் மேல் எல்லையைத்தான் தரும். பாட்டு பத்து வருஷம் பழையதாகவும் இருக்கலாமே? கீழ் எல்லைக்கு வேறு சாட்சி வேண்டும்.

அதற்குத்தான் கேசட். எதிர் வீட்டில் ஓடியது படத்தின் கேசட்டா, பதிவு செய்ததா என்று கேட்டேன். பதிவு செய்தது. அந்தக் காலத்தில் ரெக்கார்டிங் கடையில் காலி கேசட்டும் பாட்டு லிஸ்டும் கொடுத்தால் பதிந்து தருவார்கள். அறுபது நிமிடக் கேசட் என்றால் பக்கத்துக்கு அரை மணி, சுமார் ஆறு பாட்டு. அந்த வீட்டு அண்ணன் தினமும் ஒரே பக்கத்தை ஓட்டியதால் அக்காவுக்கு வரிசை பாதி நினைவிருந்தது. இந்தப் பாட்டு முடிந்ததும் "என்னவளே" வரும் என்றாள். "என்னவளே" காதலன் பாட்டு, படம் 1994 செப்டம்பரில் வந்தது. ஆக, அந்தக் கேசட் பதிவானது ஏறக்குறைய அதற்குப் பக்கத்திலோ பிறகோ. படத்துக்கு முன்பே பாட்டுக் கேசட் கடைக்கு வந்துவிடும் என்பதால் சில வாரம் முன்பின் விட்டுவிட வேண்டும்.

இங்கேயும் அவசரப்படக் கூடாது. பக்கத்துப் பாட்டு சொல்வது கேசட் பதிவான காலத்தை, நாம் தேடும் பாட்டின் வயதை அல்ல. லிஸ்ட் எழுதுகிறவர் புதிதும் பழையதும் கலந்து எழுதலாம். எனவே அந்தப் பக்கத்தில் இருந்த மற்ற பாட்டுகளைக் கேட்டேன். நினைவிலிருந்து நான்கு சொன்னாள், நான்கும் 1994-ல் வந்தவை. "புதுப் பாட்டு மட்டும்தான் பதிவார், பழசு போட்டா எங்களுக்குக் கொடுக்க மாட்டார்" என்று சிரித்தாள். இது கல்லில் வெட்டிய ஆதாரம் இல்லை. ஆனாலும் 1994-க்குள்ளேயே முதலில் தேடலாம் என்று சொல்ல இது போதும்.

பட்டியலை ஜனவரியிலிருந்து படிக்காமல் மார்கழியிலிருந்து பின்னோக்கிப் படித்தேன். "புதுசு" என்ற நினைவு இருக்கும்போது பக்கத்து மாதங்களுக்குத்தான் வாய்ப்பு அதிகம். டிசம்பர், அப்புறம் தீபாவளிப் படங்கள், அப்புறம் அக்டோபர், செப்டம்பர். குரலையும் வடிகட்டியாக வைத்தேன். சித்ரா, ஜானகி, சுஜாதா, சொர்ணலதா என்றால் அக்காவுக்கே தெரிந்திருக்கும். "யாரோ புதுசு" என்றுதான் சொல்லியிருந்தாள். கருத்தம்மாவின் "போறாளே பொன்னுத்தாயி"கூட அதனால்தான் விழுந்தது. கடைசியில் பத்துப் பாட்டு மிஞ்சியது.

பாட்டுச் செயலிகளில் போட்டிருக்கும் வருஷத்தை இந்த வேலைக்கு நான் பார்ப்பதில்லை. தொகுப்பு ஆல்பத்தில் சேர்த்த வருஷத்தையோ மறுபடி வெளியிட்ட வருஷத்தையோ போட்டு 1994 பாட்டை 2010-க்குத் தள்ளியிருப்பார்கள். தணிக்கைச் சான்றிதழின் வருஷமும் பொங்கல் படங்களுக்கு ஏமாற்றும், சான்றிதழ் முந்தின டிசம்பரிலேயே வாங்கியிருப்பார்கள். படம் திரைக்கு வந்த மாதத்தைப் போடும் பட்டியல்தான் சரி.

பத்தையும் அனுப்புமுன் அக்காவை மெட்டை முனகி போனில் பதிந்து அனுப்பச் சொன்னேன். இதை முதலில் செய்யாவிட்டால் நாம் போட்டுக் காட்டும் பாட்டுகளே அவள் மனதில் இருக்கும் மெட்டின் மேல் ஏறிவிடும், நாலாவது பாட்டுக்கே "இதுதான் போல" என்பாள். பத்தோடு 1991 பாட்டு இரண்டும் கலந்து, பெயர் சொல்லாமல், ஒவ்வொன்றிலும் முதல் இருபது விநாடி மட்டும் அனுப்பினேன். ஏழாவதில் போன் வந்தது. முனகலோடு ஒப்பிட்டேன், பொருந்தியது.

மே மாதம் படத்தில் ஷோபா சங்கர் பாடிய "மார்கழிப் பூவே". படத்தின் பெயரில் மே, திரைக்கு வந்தது செப்டம்பரில், பாட்டில் மார்கழி. கோடைப் படமாக இருக்கும் என்று நினைத்துப் பட்டியலில் அதை ஒரு தடவை தாண்டிப் போயிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பாட்டின் முதல் சொல்லைக் கேட்டதும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அக்காவின் மார்கழி உண்மையில் நடந்ததா, இல்லை பாட்டிலிருந்து நினைவுக்குள் ஒழுகியதா? வரி மறந்தாலும் வரியின் பருவம் மனதில் தங்கிவிடக்கூடும். திருப்பாவை ஸ்பீக்கர் அவள் பக்கம் சாட்சி சொல்கிறது. ஆனால் அதுவும் எல்லா மார்கழிக்கும் பொதுவானது, பின்னால் வந்து ஒட்டியிருக்கலாம். நல்ல வேளையாக, தாவணியும் கேசட் வரிசையும் மார்கழியை நம்பாமலே 1994-க்குக் கொண்டுவந்து சேர்த்துவிடுகின்றன. மார்கழியை மட்டும் பிடித்திருந்தால் எந்த வருஷத்து மார்கழி என்றே தெரிந்திருக்காது.

இப்போது அக்கா அடுத்ததைக் கேட்டிருக்கிறாள். சித்தப்பா கல்யாணத்தில் மைக் செட்டில் போட்ட பாட்டு. பத்திரிகை பத்திரமாக இருக்கிறது, தேதி துல்லியமாகக் கிடைக்கும் என்கிறாள். மேல் எல்லை கிடைத்துவிட்டது. மைக் செட்காரரிடம் இருபது வருஷத்துப் பாட்டு பெட்டி பெட்டியாக இருந்திருக்குமே என்றேன். "அப்போ முதல்ல யார் பாடினாங்கன்னு யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டாள்.