30% அதிகம் என்று சொல்லும் அந்தப் பச்சை முத்திரை

நாங்கள் மின்னஞ்சல் அனுப்பும் சேவையின் சந்தா இந்த மாதம் புதுப்பிக்கப்படுகிறது, விலையும் ஏறியிருக்கிறது. வடிவமைப்பு, டெம்ப்ளேட், பட்டியல் பராமரிப்பு எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. அவற்றைப் பற்றி வேறு பலர் எழுதிவிட்டார்கள். எனக்குச் சொல்ல வேண்டியிருப்பது ஒன்றே ஒன்றுதான்: இரண்டு வடிவங்களைச் சோதித்த பிறகு வரும் முடிவு அட்டவணையும், அதில் பச்சை நிறத்தில் ஒட்டப்படும் 'வின்னர்' முத்திரையும்.

சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் இருக்கும் ஒரு துணிக்கடைக்கு நான் மின்னஞ்சல் வேலை பார்க்கிறேன். பட்டியலில் ஏறக்குறைய 10,000 பேர். தீபாவளிக்கு முன்பு, ஒரே மடலை இரண்டு தலைப்பு வரிகளில் சோதித்தோம். ஏ வடிவத்தில் "தீபாவளிச் சேலைகள் வந்துவிட்டன", பி வடிவத்தில் "15 வெள்ளி தள்ளுபடி, இந்த வாரம் மட்டும்". உள்ளே இருந்த சலுகை ஒன்றேதான். ஒவ்வொன்றும் 2,000 பேருக்குப் போனது. வென்றதை மீதி 6,000 பேருக்கு அனுப்புவது திட்டம்.

அட்டவணை இப்படி வந்தது. ஏ: 1,960 பேருக்குச் சேர்ந்தது, 59 பேர் கிளிக் செய்தார்கள், 3.0%. பி: 1,968 பேருக்குச் சேர்ந்தது, 77 பேர் கிளிக் செய்தார்கள், 3.9%. பக்கத்தில் பெரிய எழுத்தில் '30% அதிகம்', அதன் மேல் முத்திரை. கடை முதலாளி திரையைப் பார்த்துவிட்டு, "அதான் போட்டிருக்கானே, இனிமேல் எல்லா மடலுக்கும் தள்ளுபடியை முதலில் சொல்லிடுவோம்" என்றார். அவர் மேல் தவறில்லை. அட்டவணை அவரிடம் அப்படித்தான் பேசுகிறது.

நான் அவருக்குக் காட்டிய கணக்கு இதுதான். இரண்டு மடலும் சம வலிமை உள்ளவை என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 136 பேர் கிளிக் செய்திருக்கிறார்கள். இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால், ஒவ்வொருவரும் ஏ பக்கம் விழுந்தாரா பி பக்கம் விழுந்தாரா என்பது ஒரு காசு சுண்டுவதைப் போன்றது. 136 முறை சுண்டினால் பூவும் தலையும் சரியாக 68-68 என்று வருவது அரிது. இரண்டுக்கும் இடையே எவ்வளவு வித்தியாசம் வரலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு: மொத்த எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்க வேண்டும். விரிதாளில் ஒரே வரி:

```
=2*SQRT(59+77)
```

விடை 23.3. உண்மையில் எந்த வேறுபாடும் இல்லாதபோதும், இருபதில் சுமார் ஒரு முறை வித்தியாசம் இந்த எல்லையைத் தாண்டும். எங்கள் வித்தியாசம் 77-க்கும் 59-க்கும் இடையே 18 மட்டுமே. வெறும் காசு சுண்டலில் ஏழெட்டு முறைக்கு ஒரு முறை இந்த அளவு வித்தியாசம் வந்துவிடும். பி சிறந்ததாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இந்த அட்டவணையை வைத்துக்கொண்டு அதற்கு மேல் சொல்ல முடியாது.

இந்தக் குறுக்குவழிக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. இரு பக்கமும் கிட்டத்தட்ட சம அளவில் இருக்க வேண்டும், விகிதம் சிறியதாக இருக்க வேண்டும். கிளிக் விகிதத்துக்குப் பொருந்தும். மடலைத் திறந்தவர்களை எண்ணும், 40%, 50% என்று வரும் ஓபன் விகிதத்துக்கு இது அளவுக்கு மீறிக் கண்டிப்பான எல்லையைத் தரும். ஓபன் எண்ணை நான் வெற்றி தோல்விக்குப் பார்ப்பதே இல்லை என்பது வேறு விஷயம். 2021-இல் ஐஓஎஸ் 15 உடன் வந்த ஆப்பிளின் மெயில் பாதுகாப்பு, ஆள் மடலைப் பார்க்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. மடலில் உள்ள படம் இறங்குவதை வைத்துத்தான் ஓபனை எண்ணுகிறார்கள் என்பதால், அதுவும் 'ஓபன்' என்று பதிவாகிவிடும். ஐபோன் வைத்திருப்பவர்கள் நிறைந்த எங்கள் பட்டியலில் அந்த எண் பாதி கற்பனை. இந்தச் சேவையோ ஆரம்ப அமைப்பில் ஓபனை வைத்துத்தான், அதுவும் நான்கு மணி நேரத்தில், முத்திரை குத்துகிறது. இரவு 8 மணிக்கு அனுப்பிய மடலை மறுநாள் காலை எம்ஆர்டி ரயிலில் திறப்பவர்கள் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

முத்திரை எதைப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்ள, ஒரே மடலை, ஒரே தலைப்போடு, கிளிக்கை அளவுகோலாக வைத்து இரு பக்கமும் அனுப்பினேன். ஒரு பக்கம் 61, இன்னொரு பக்கம் 48. '27% அதிகம்' என்று முத்திரை விழுந்தது. எல்லையைக் கணக்கிட்டால் 20.9, வித்தியாசம் 13. அதாவது பெரிய எண் எதுவோ அதற்கு முத்திரை, அவ்வளவுதான். பணம் வாங்கும் ஒரு சேவை, ஒன்றுக்கொன்று வேறுபாடே இல்லாத இரண்டில் ஒன்றை வென்றதாக அறிவிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 'இன்னும் சொல்ல முடியாது' என்று ஒரு சாம்பல் நிறப் பட்டை வைப்பது கடினமான வேலை இல்லை. உதவிப் பிரிவுக்கு எழுதினேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது.

நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆட்களை இரண்டாகப் பிரிப்பதை இவர்கள் ஒழுங்காகச் செய்கிறார்கள். பழைய வாடிக்கையாளர், புதியவர், எந்த மின்னஞ்சல் நிறுவனத்தின் முகவரி என்று பல விதமாக நான் ஒப்பிட்டுப் பார்த்தேன், ஒரு பக்கமாகச் சாயவில்லை. அதோடு ஒவ்வொரு கிளிக்கும் எந்த வினாடியில் நடந்தது என்ற முழுத் தரவையும் இறக்கிக்கொள்ளலாம். மற்ற இடங்களில் இதற்குத் தனியாகக் காசு கேட்டார்கள். தீபாவளி மடலில், சேர்ந்த சில வினாடிகளுக்குள் எல்லா இணைப்புகளையும் தொட்ட முகவரிகளை அப்படித்தான் கண்டுபிடித்தேன். அவை அலுவலகப் பாதுகாப்பு மென்பொருள்கள். நீக்கிய பிறகு 55-க்கு 72. வித்தியாசம் 17, எல்லை 22.5. முடிவு மாறவில்லை, ஆனால் எதை எண்ணுகிறோம் என்று தெரிந்தது.

அந்த 6,000 பேருக்கு பி-யையே அனுப்பினோம், ஏனென்றால் அனுப்புவதில் நட்டமில்லை. அங்கே கிளிக் 3.3%. "ஏன் இறங்கிவிட்டது?" என்று முதலாளி கேட்டார். அனுப்பிய நாள் வேறு என்பது ஒரு காரணம். பெரிய காரணம், 3.9% என்ற எண்ணையே நாங்கள் உயரமாக இருந்ததால் தேர்ந்தெடுத்தோம் என்பது. அதிர்ஷ்டமும் சேர்ந்து உயர்ந்த எண், அடுத்த முறை அதிர்ஷ்டம் இல்லாமல் தன் இடத்துக்கு வந்துவிடும்.

3.0-க்கும் 3.9-க்கும் இடையிலான வேறுபாட்டை ஓரளவு நம்பிக்கையோடு பிடிக்க, பக்கத்துக்குச் சுமார் 6,500 பேர் வேண்டும். எங்கள் மொத்தப் பட்டியலை நேர்பாதியாகப் பிரித்தாலும் போதாது. அதனால் சிறு வார்த்தை மாற்றங்களைச் சோதிப்பதை நிறுத்திவிட்டேன். இப்போது சலுகையையே மாற்றிச் சோதிக்கிறோம், பெரிய வேறுபாடு வந்தால் சின்னப் பட்டியலிலும் தெரியும்.

தோ பாயோவில் டியூஷன் நிலையம் நடத்தும் அக்கா ஒருவர், இந்தச் சோதனை வசதிக்காக மேல் திட்டத்துக்கு மாறலாமா என்று கேட்டார். அவரிடம் 900 பேர் இருக்கிறார்கள். பக்கத்துக்கு 450, கிளிக் 3% என்றால் 13 அல்லது 14. மொத்தம் 27 கிளிக்கில் எல்லை 10.4, அதாவது 8-க்கு 19 என்ற அளவில் வந்தால்தான் ஏதாவது சொல்ல முடியும். வேண்டாம் அக்கா, அடிப்படைத் திட்டமே போதும் என்றேன்.

நான் புதுப்பித்துவிட்டேன், அந்தத் தரவு இறக்கத்துக்காக. மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. அந்த முத்திரையை எடுத்தால் நான்கு கொடுப்பேன்.