திரும்பத் திரும்ப அதே சீட்டு: கட்டு பேசுகிறதா, கை பேசுகிறதா?

ஒரே கேள்வியை மனதில் வைத்து டாரட் சீட்டை நாலைந்து தடவை எடுத்துப் பார்த்தவர்களுக்கு இது பழக்கமான விஷயம்தான். 78 சீட்டு இருக்கும் கட்டிலிருந்து ஒன்று மட்டும் விடாமல் வந்து நிற்கும். இதற்கு மூன்று விளக்கங்கள் சொல்வார்கள். முதலாவது, சொன்னது உன் காதில் விழவில்லை, அதனால் சீட்டு மறுபடி வருகிறது என்பது. இரண்டாவது, அது தற்செயல், அல்லது சீட்டைச் சரியாகக் கலைக்கவில்லை என்பது. மூன்றாவது, சீட்டு எத்தனை முறை வந்தது என்பதைவிட, உன் கண் ஏன் அந்தச் சீட்டிலேயே போய் நிற்கிறது என்று பார் என்பது. மூன்றையும் தனித்தனியாகப் பேசினால் எல்லாமே சரி மாதிரிதான் தோன்றும். ஒரே கேஸில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

என் தோழி ஒருத்தி, இருக்கிற வேலையை விடலாமா என்ற கேள்விக்கு ஐந்து நாள் தொடர்ந்து சீட்டு எடுத்தாள். ஒவ்வொரு நாளும் மூன்று சீட்டு: இப்போதைய நிலை, தடை, செய்ய வேண்டியது. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். முதல் நாள், மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் என மூன்று முறை வாள் எட்டு வந்திருந்தது. பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்து 1909-ல் வெளிவந்த கட்டில் அந்தப் படம் இப்படி இருக்கும்: கண்ணும் உடம்பும் துணியால் கட்டப்பட்ட ஒரு பெண், அவளைச் சுற்றித் தரையில் குத்தி நிற்கும் எட்டு வாள்கள். கால்கள் மட்டும் கட்டப்படவில்லை. வேலையில் மாட்டிக்கொண்டதாக நினைக்கும் ஒருத்திக்கு இதைப் பார்த்தால் எப்படி இருக்கும்? நோட்டை என் முன்னால் தள்ளி, "இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும் உனக்கு?" என்றாள்.

முதல் விளக்கத்தை எடுத்துக்கொள்வோம். சீட்டு வற்புறுத்துகிறது என்று சொல்பவர்களில் கவனமாகப் படிப்பவர்கள், சீட்டு திரும்பி வந்தது என்பதோடு நிறுத்திக்கொள்வதில்லை. எந்த இடத்தில் வந்தது என்று கேட்பார்கள். தோழியின் நோட்டில் வாள் எட்டு முதலில் 'நிலை'யில் வந்தது, அடுத்து 'தடை'யில், கடைசியில் 'செய்ய வேண்டியது' என்ற இடத்தில். மூன்றும் ஒரே செய்தி இல்லை. நிலையில் வந்தால், மாட்டிக்கொண்டதாக நினைக்கிறாய் என்று அர்த்தம். தடையில் வந்தால், அந்த நினைப்பேதான் தடை. செய்ய வேண்டியது என்ற இடத்தில் வரும்போது அதைப் படிப்பது கொஞ்சம் சங்கடம். கட்டுப்பட்டு நில் என்று எந்தச் சீட்டும் யோசனை சொல்லாது. அதனால் பலர் அங்கே படத்தில் கட்டப்படாத கால்களைக் காட்டிப் படிப்பார்கள். அதே சீட்டு மூன்று முறையும் ஒரே இடத்தில் வந்திருந்தால், விஷயம் அசையாமல் நிற்கிறது என்று எடுத்துக்கொள்வது வழக்கம். மேஜர் ஆர்க்கானா, அதாவது மரணம், சூரியன் மாதிரி தனிப் பெயர் கொண்ட 22 சீட்டுகளில் ஒன்று திரும்பினால் வாழ்க்கையின் பெரிய பாடம், வாளும் கிண்ணமும் திரும்பினால் அன்றாட விவகாரம், ராஜா ராணி திரும்பினால் யாரோ ஓர் ஆள் என்றும் ஒரு கணக்கு உண்டு.

இந்த முறையில் எனக்குப் பிடித்தது, அது இடத்தைக் கவனிக்க வைக்கிறது என்பது. பிடிக்காதது, அது எந்த நிலையிலும் தோற்காது என்பது. ஒரே இடத்தில் வந்தாலும் அர்த்தம், இடம் மாறி வந்தாலும் அர்த்தம். அப்புறம் எது வந்தால்தான் அர்த்தம் இல்லை என்று சொல்வது?

இரண்டாவது விளக்கத்துக்கு எளிய கணக்கு போதும். நல்லபடியாகக் கலைத்த 78 சீட்டில் தினம் மூன்றாக ஐந்து நாள் எடுத்தால், ஏதாவது ஒரு சீட்டாவது இரண்டு நாள் வருவதற்கான வாய்ப்பு சுமார் 71 சதவீதம். வராமல் இருந்தால்தான் கொஞ்சம் ஆச்சரியப்பட வேண்டும். ஏதோ ஒரு சீட்டு மூன்று நாள் வருவதற்கான வாய்ப்பு சுமார் 4 சதவீதம். அது அபூர்வம், ஆனால் அதிசயம் இல்லை. இருபத்தைந்து பேர் இப்படி ஐந்து நாள் எடுத்தால் அவர்களில் ஒருவருக்கு நடக்கும் என்று எதிர்பார்க்கலாம். அந்த ஒருவர்தான் அதைப் பற்றிப் பேசுவார், மற்றவர்கள் நோட்டை மூடி வைத்துவிடுவார்கள்.

'ஏதோ ஒரு சீட்டு' என்பதைக் கவனிக்க வேண்டும். எடுப்பதற்கு முன்பே "வாள் எட்டு மூன்று நாள் வரும்" என்று சொல்லியிருந்தால், அதற்கான வாய்ப்பு ஆயிரத்து எண்ணூறு சொச்சத்தில் ஒன்று. தோழி முன்கூட்டி எதுவும் சொல்லவில்லை. வந்த பிறகுதான் அந்தச் சீட்டு அவளுக்கு முக்கியமானது. நாம் மலைத்துப்போவது ஆயிரத்து எண்ணூறு கணக்கில், உண்மையில் நடந்திருப்பது இருபத்தைந்து கணக்கில். இந்த ஒரு குழப்பத்தில்தான் பாதிப் பேர் விழுகிறார்கள்.

இதுவரை சொன்னது சீட்டு நன்றாகக் கலைந்திருக்கிறது என்ற நம்பிக்கையில். அது உண்மைதானா என்று பார்க்க ஒரு தடயம் உண்டு: திரும்பி வந்த சீட்டோடு கூட வந்தது யார்? தோழியின் நோட்டில் முதல் நாள் வாள் எட்டோடு கிண்ணம் ஐந்தும் இருந்தது. மூன்றாம் நாளும் வாள் எட்டு, கிண்ணம் ஐந்து. அதை அவள் கவனிக்கவே இல்லை, நான் விரல் வைத்துக் காட்டிய பிறகுதான் பார்த்தாள். நன்றாகக் கலைத்த கட்டில், ஒரு நாள் எடுத்த மூன்றில் குறைந்தது இரண்டு, குறிப்பிட்ட வேறொரு நாளும் சேர்ந்து வருவதற்கான வாய்ப்பு 337-ல் ஒன்று. ஒற்றைச் சீட்டு திரும்புவதைவிட ஜோடியாகத் திரும்புவது சந்தேகத்துக்குரியது. அங்கே முதலில் பார்க்க வேண்டியது கையைத்தான்.

எப்படிக் கலைக்கிறாய், காட்டு என்றேன். எடுத்த மூன்று சீட்டையும் கட்டின் மேலே வைத்தாள். பிறகு இடது கையில் கட்டைப் பிடித்து, வலது கையால் மேலிருந்து கொத்துக் கொத்தாக உருவி ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டாள். பெரும்பாலோர் இப்படித்தான் கலைப்போம். ஒரு சுற்று முடிந்தால் மேலே இருந்த கொத்து அடிக்குப் போகும். இன்னொரு சுற்று போட்டால் அடியில் இருந்தது மறுபடி மேலே வரும். கொத்துக்குள் இருக்கும் சீட்டுகள் பெரிதாகப் பிரிவதில்லை. அவள் ஆறு சுற்று போடுகிறாள், ஆறு இரட்டைப்படை. பிறகு வெட்டாமல் மேலிருந்து மூன்று எடுக்கிறாள். நேற்று வைத்த சீட்டு இன்று மேலே வராமல் என்ன செய்யும்?

சும்மா சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டாள் என்று ஒரு சோதனை வைத்தோம். வாள் எட்டை மேலே வைத்து, வழக்கம்போல ஆறு சுற்று கலைத்து, அது எத்தனையாவது சீட்டாக இருக்கிறது என்று எண்ணுவது. இதைப் பத்து முறை செய்தோம். நன்றாகக் கலைந்திருந்தால் பத்தில் ஒரு தடவை, மிஞ்சிப்போனால் இரண்டு தடவை முதல் பத்துச் சீட்டுக்குள் இருக்க வேண்டும். ஆறு தடவை இருந்தது. யார் வேண்டுமானாலும் கால் மணி நேரத்தில் தன் கையையே இப்படிச் சோதித்துப் பார்க்கலாம்.

இரண்டு பாதியாகப் பிரித்து, ஓரங்களைப் பின்னிச் சேர்க்கும் கலைப்பு வேறு வகை. 52 சீட்டுக் கட்டுக்கு அது ஏழு முறை போதும் என்று டேவ் பேயரும் பெர்சி டயக்கோனிஸும் 1992-ல் கணித்துக் காட்டினார்கள். டாரட் கட்டு பெரியது, கூட ஒன்றிரண்டு போட வேண்டும். கொத்தாக உருவிப்போடும் முறையில் அந்த அளவுக்குக் கலைய ஆயிரக்கணக்கான சுற்று ஆகும், யாருக்கும் அவ்வளவு பொறுமை கிடையாது. டாரட் சீட்டு அகலமானது, ஓரத்தை வளைத்துப் பின்னத் தயங்குபவர்கள் எல்லாவற்றையும் மேஜையில் கவிழ்த்துப் பரப்பி, இரண்டு கையாலும் ஒரு நிமிடமாவது அளைந்துவிட்டுச் சேர்ப்பது நல்லது. முனை மடங்கிய சீட்டு, அடிக்கடி எடுத்து மழமழவென்று ஆகிவிட்ட சீட்டு, இவையெல்லாம் விரலுக்குத் தெரியும். கலைக்கும்போது துள்ளி விழும் சீட்டை விசேஷமாகக் கருதுபவர்கள் அதன் ஓரத்தை ஒரு தரம் தடவிப் பார்க்கலாம். ஃபோன் செயலியில் எடுப்பவர்களுக்கு இந்தத் தொந்தரவு இல்லை, ஆனால் அந்த 71 சதவீதம் அங்கேயும் உண்டு.

இவ்வளவு சொன்னதால் இரண்டாவது விளக்கம் ஜெயித்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். சீட்டு ஏன் வந்தது என்பதற்கு அது நல்ல பதில். அந்தச் சீட்டு வந்தபோது இவளுக்கு ஏன் நெஞ்சு படபடத்தது என்பதற்கு அதில் பதில் இல்லை. அங்கேதான் மூன்றாவது விளக்கத்துக்கு வேலை. கிண்ணம் ஐந்தும் இரண்டு முறை வந்தது. கவிழ்ந்து கிடக்கும் மூன்று கிண்ணங்களையே பார்த்துக்கொண்டு, பின்னால் நிமிர்ந்து நிற்கும் இரண்டைத் திரும்பிப் பார்க்காத ஆளின் படம். வேலை பற்றிய கேள்விக்கு அதுவும் பொருந்தும். இருந்தாலும் அவள் கண் அதில் நிற்கவில்லை. கட்டப்பட்ட பெண்ணிடம்தான் நின்றது.

இன்னொன்றும் நோட்டிலேயே இருந்தது. ஐந்து நாளும் கேள்வி ஓர் எழுத்து மாறவில்லை. முதல் நாள் கிடைத்த பதிலை வைத்து அவள் எதுவும் செய்யவில்லை, யாரிடமும் பேசவில்லை, வேறு வேலைக்கு விண்ணப்பமும் போடவில்லை. எதுவும் மாறாதபோது அதே கேள்வியை மறுபடி கேட்காதே என்று அனுபவமுள்ள ரீடர்கள் சொல்வது இதனால்தான். இந்த இடத்தில் முதல் கட்சிக்காரரும் மூன்றாம் கட்சிக்காரரும் ஒரே யோசனையைத்தான் சொல்கிறார்கள், காரணம்தான் வேறு.

என் வரிசை இது: முதலில் கூட வந்த சீட்டைப் பார்ப்பேன், பிறகு கையைச் சோதிப்பேன். இரண்டிலும் குறை இல்லை என்றால்தான் சீட்டு வந்த இடத்தைப் படிப்பேன். மூன்று முறை வந்ததால் அர்த்தம் மூன்று மடங்கு ஆகிவிட்டதாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

தோழி சீட்டை மேஜையில் பரப்பி நன்றாக அளைந்து, மேலும் ஐந்து நாள் எடுத்தாள். வாள் எட்டு ஒரு தடவைகூட வரவில்லை. ஆறாம் நாள் ஃபோனில் சொன்னாள்: "வரலைன்னதும் நிம்மதியா இருக்கும்னு நெனச்சேன். ஏமாத்தமா இருந்துச்சு. அது வந்துக்கிட்டே இருந்தா நான் இங்கயே இருந்துடலாம்ல?"