லோடு வண்டி இன்சூரன்ஸ்: ‘எக்ஸஸ் 500 மட்டும்தான்’ என்றார்கள், கையிலிருந்து போனது 63,500

கரூரில் சின்ன அளவில் பெட்ஷீட், துண்டு வியாபாரம் செய்கிறேன். சொந்தமாக ஒரு நான்கு சக்கர லோடு வண்டி உண்டு. 2024 டிசம்பரில் அது விபத்தில் சிக்கியது. இன்சூரன்ஸ் இருந்தது, பிரீமியம் ஒரு நாள்கூடத் தவறவில்லை, உரிமம், எஃப்சி எல்லாம் சரியாக இருந்தன. அப்படியும் செலவில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக என் கையிலிருந்தே போனது. வண்டி வைத்திருக்கிற எல்லோருக்கும் இது தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஈரோட்டில் சரக்கு இறக்கிவிட்டுக் கொடுமுடி வழியாகத் திரும்பும்போது ராத்திரி ஒன்பது மணி இருக்கும். கரும்பு டிராக்டர் ஒன்று பின்விளக்கே இல்லாமல் ரோட்டோரம் நின்றிருக்கிறது. எங்கள் ஓட்டுநர் கடைசி நேரத்தில் வலப்பக்கம் ஒடித்தும், வண்டியின் இடது முன்பக்கம் டிரெய்லரில் மாட்டிக்கொண்டது. அவருக்கு நெற்றியில் நான்கு தையலோடு போயிற்று, அதுவே பெரிய விஷயம். வண்டிக்கு இடது கதவு, முன்முகத் தகடு, கண்ணாடி, ரேடியேட்டர், டேஷ்போர்டு, பம்பர், இரண்டு ஹெட்லைட், மட்கார்டு, ஒரு டயர் எல்லாம் காலி. அன்றைக்கு ராத்திரியே இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்து பதிவு பண்ணினோம். மறுநாள் காலையில் சர்வேயர் வந்து, நின்ற இடத்திலேயே படம் எடுத்த பிறகுதான் ரெக்கவரி வண்டி வைத்து ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துப் போனோம். இதுவரை எல்லாம் முறைப்படிதான்.

ஒர்க்‌ஷாப்பில் இன்சூரன்ஸ் வேலை பார்ப்பதற்கென்றே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பாலிசியை வாங்கி முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, “எக்ஸஸ் 500தான் போட்டிருக்குங்ண்ணா. அது மட்டும் உங்க காசு, மீதி முழுசும் வந்துரும். எங்களுக்கும் உங்க கம்பெனிக்கும் கேஷ்லெஸ் இல்லை, அதனால நீங்க கட்டிட்டு அப்புறம் வாங்கிக்கங்க” என்றார். இரண்டு நாள் கழித்து 1,40,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் வந்தது, ஜிஎஸ்டி தனி. முழுசும் திரும்பி வரப்போகிறதே என்று நான் ஒரு வரிகூடப் பேரம் பேசவில்லை. வேலையை ஆரம்பிக்கச் சொல்லிவிட்டேன்.

ஜனவரி கடைசியில் வண்டி வந்தது. பில்லுக்கு 1,40,000, இழுத்து வந்ததற்கு 4,000, ஆக 1,44,000 கட்டினேன். ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாக நாங்கள் எடுத்துக்கொள்வதால் இன்சூரன்ஸ் அதைத் தராது, அது நியாயம்தான். எங்கள் கணக்கு எழுதுகிற அம்மா 500 ரூபாயை வண்டிச் செலவில் எழுதி, மீதி 1,43,500 ரூபாயை ‘இன்சூரன்ஸ் வரவேண்டியது’ என்று ஏற்றினார். நான் சொல்லித்தான் அப்படி எழுதினார். அந்தப் பணத்தை நம்பி நூல் வியாபாரிக்கு மார்ச் 10 தேதியிட்ட செக்கும் கொடுத்துவிட்டேன்.

மார்ச் முதல் வாரம் வங்கியில் விழுந்தது 80,500. முதல் தவணை போல என்று நினைத்துப் போன் செய்தேன். “இதுதான் முழு செட்டில்மென்ட் சார், வவுச்சரில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே” என்றார்கள். வண்டி எடுக்கிற அவசரத்தில் ஒர்க்‌ஷாப்காரர் நீட்டிய நான்கைந்து தாளில் தொகை எழுதாத அந்த வவுச்சரும் இருந்திருக்கிறது.

சர்வே அறிக்கையின் நகல் வேண்டும் என்று கம்பெனிக்கு மெயில் அனுப்பினேன். கேட்டால் தருகிறார்கள், கேட்காவிட்டால் யாரும் நீட்டுவதில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு பில்லை வரிவரியாக ஒப்பிட்டபோதுதான் விஷயம் விளங்கியது.

இரும்புப் பாகங்கள் மொத்தம் 64,000. வண்டி 2021 மே மாதம் பதிவானது. விபத்தன்று வயது மூன்று வருடம் ஏழு மாதம். மூன்று முடிந்து நான்குக்குள் இருந்தால் இரும்புச் சாமானுக்கு 25 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். அதில் 16,000 போயிற்று. இரண்டு முடிந்து மூன்று வருடத்துக்குள் நடந்திருந்தால் 15 சதவீதம்தான், ஐந்து வருடம் தாண்டியிருந்தால் 40. பிளாஸ்டிக்குக்கு வயதே கிடையாது, புது வண்டியானாலும் பாதிதான். டேஷ்போர்டு, கிரில் வகையில் 12,000க்கு 6,000 போயிற்று. கண்ணாடிக்குத் தேய்மானம் இல்லை, அந்த 6,000 அப்படியே வந்தது. கூலி 22,000 கேட்டதில் 20,000 மட்டும் சர்வேயர் ஒத்துக்கொண்டிருக்கிறார். வண்டி இழுத்ததற்கு பாலிசியில் உச்சவரம்பு 2,500, அதனால் 1,500 என் தலையில். இதெல்லாம் எல்லா சாதாரண பாலிசியிலும் உள்ள விதிகள். முன்பே யாராவது சொல்லியிருந்தால் மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான்.

அடி விழுந்தது வேறு இடத்தில். பம்பர், ஹெட்லைட்டுகள், மட்கார்டு, டயர் சேர்த்து 20,000 ரூபாய். பெயிண்டிங் 16,000. இந்த 36,000 ரூபாய்க்கு நேராகவும் பூஜ்யம் என்று எழுதி, பக்கத்தில் ‘ஐஎம்டி 21’ என்று குறித்திருந்தார் சர்வேயர்.

அவருக்கே போன் செய்து கேட்டேன். பொறுமையாகச் சொன்னார், அவர் மீது எனக்குக் குறையில்லை. கார் பாலிசி மாதிரி லோடு வண்டி பாலிசி கிடையாதாம். விளக்குகள், டயர் டியூப், மட்கார்டு, போனட் பக்கப் பாகங்கள், பம்பர், பெயிண்ட் ஆகியவற்றைச் சரக்கு வண்டிகளுக்கு ஐஎம்டி 21 என்ற நிபந்தனை ஒதுக்கிவைத்துவிடும். வண்டி மொத்தமாக அழிந்தால் ஒழிய அவற்றுக்குப் பணம் கிடையாது. அவை வேண்டுமென்றால் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 15 சதவீதம் கூடக் கட்டி ஐஎம்டி 23 என்ற சேர்ப்பை வாங்க வேண்டும். “முன்பக்கம் இடிக்காத லோடு வண்டி விபத்து எத்தனை சார்? இடித்தால் முதலில் போவது இந்தச் சாமான்கள்தானே” என்றார்.

பழைய பாலிசிகளைத் தேடி எடுத்தேன். ஷோரூமில் போட்ட முதல் இரண்டு வருடப் பாலிசியிலும் ஐஎம்டி 23 இருக்கிறது. 2023 மே மாதம் ஒரு ஏஜென்ட் வந்து, வேறு கம்பெனியில் குறைவாகப் போட்டுத் தருகிறேன் என்றார். பழைய பாலிசியை வாட்ஸப்பில் அனுப்பி, “இதே கவர்தானே?” என்று கேட்டேன். “அதே கவர்தாண்ணா, ரேட்டு மட்டும் கம்மி” என்று பதில் போட்டார். அந்த வருடப் பாலிசியிலிருந்து 23 காணாமல் போய் 21 மட்டும் நிற்கிறது. 2024 மே மாதமும் அப்படியே. எனக்குச் சொந்தச் சேத பிரீமியம் 5,200. அதில் 15 சதவீதம் 780 ரூபாய். இந்த 780 ரூபாயைக் கழற்றி, குறைந்த ரேட் என்று காட்டி என்னைப் பிடித்திருக்கிறார்.

ஐஎம்டி 23 இருந்திருந்தால் அந்த 36,000 முழுசும் வந்திருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பம்பர், லைட், மட்கார்டு, டயருக்குப் பாதித் தேய்மானம் போக 10,000 வந்திருக்கும். பெயிண்டிங்கில் பொருள், கூலி என்று பிரிக்காத பில்லானால் கால் பங்கைப் பொருள் என்று வைத்து அதில் பாதியைக் கழிப்பார்கள். 16,000இல் 2,000தான் போயிருக்கும், 14,000 வந்திருக்கும். ஆக 24,000 ரூபாய் எனக்கு நஷ்டம்.

இன்னொரு சின்ன வரியும் அறிக்கையில் இருந்தது. எக்ஸஸ் 500க்குக் கீழே, ‘பழைய இரும்பு மதிப்பு 1,500’ என்று கழித்திருந்தார்கள். அதாவது மாற்றிய பழைய சாமான்கள் எனக்குச் சொந்தம், நான் விற்றுக்கொள்வேன் என்று கணக்கு. ஆனால் நசுங்கிய கதவும் ரேடியேட்டரும் ஒர்க்‌ஷாப்பில்தான் கிடந்தன. நேரில் போய்க் கேட்டேன். “பழசெல்லாம் கடைக்குப் போயிருச்சுங்ண்ணா, அதெல்லாம் யாரும் கேட்க மாட்டாங்க” என்றார் அதே ஆள். சர்வே அறிக்கையைக் காட்டிய பிறகு வாயைத் திறக்கவில்லை. என் வண்டிக் கதவு, இடது மூலையில் எங்கள் கடைப் பெயரின் கடைசி இரண்டு எழுத்தோடு, ஷெட்டுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்தது. ரேடியேட்டர் இல்லை. அது அலுமினியம், நல்ல விலை போகும். கதவை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தேன்.

செக் திரும்பிவிடக் கூடாதே என்று நகையை அடகு வைத்து நூல் பணத்தைக் கட்டினேன். மார்ச் 31 கணக்கு முடிக்கும்போது, வரவேண்டியதாக எழுதிய 1,43,500இல் வந்த 80,500 போக நின்ற 63,000 ரூபாயை வண்டி ரிப்பேர் செலவுக்கு மாற்றினோம். ஏற்கெனவே எழுதிய 500ஐச் சேர்த்தால் 63,500. எங்கள் ஆடிட்டர் கோபித்துக்கொண்டார். பில் வந்த அன்றைக்கு முழுத்தொகையும் செலவில்தான் ஏற வேண்டும், சர்வேயர் மதிப்பிட்டுக் கம்பெனி இவ்வளவு என்று எழுத்தில் ஒத்துக்கொண்ட பிறகே அந்தத் தொகையை மட்டும் வரவேண்டியதாகக் காட்ட வேண்டும் என்றார். அப்படி எழுதியிருந்தால் அந்த செக்கைக் கொடுத்திருக்கவே மாட்டேன்.

கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினேன். பாலிசியில் உள்ளபடி கொடுத்துவிட்டோம் என்று பதில். கொடுத்த தொகையைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரிதான். பிறகு, பாலிசிக்காகக் கொடுக்கப்பட்ட விண்ணப்பப் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கினேன். ஐஎம்டி 23க்கு நேராக ‘வேண்டாம்’ என்று டிக் அடித்திருக்கிறது. நான் அடித்ததில்லை. அந்தப் படிவத்தையும் வாட்ஸப் பதிலையும் வைத்து ஏஜென்ட் மீது தனியாகப் புகார் கொடுத்திருக்கிறேன். ஏஜென்ட் இப்போது போனை எடுப்பதில்லை.

உங்கள் வண்டிப் பாலிசியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். பிரீமியக் கணக்கு இருக்கிற பக்கத்தில், அதற்குக் கீழே, ஐஎம்டி எண்களை வரிசையாகப் போட்டிருப்பார்கள். அதில் 23 இருக்கிறதா என்று பாருங்கள். ஒர்க்‌ஷாப்பில் வேலை ஆரம்பிக்கும் முன் எஸ்டிமேட்டை சர்வேயரிடம் காட்டி, எந்தச் சாமானுக்கு எவ்வளவு வரும் என்று ஒரு மெயிலாவது வாங்குங்கள். தொகை எழுதாத வவுச்சரில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இந்த மே மாதம் புதுப்பிக்கும்போது வேறு ஒருவரிடம் போட்டேன். 23 வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லியும் முதலில் வந்த விலைப் பட்டியலில் 21 மட்டும்தான் இருந்தது. திருப்பி அனுப்பி, 23 ஏறி வந்த பிறகுதான் பணம் கட்டினேன்.