மழை பெய்த ஆட்டத்தில் ஏஜெண்ட் போட்ட கணக்கு: மண்டபம் பக்கத்து ஆட்கள் படியுங்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும், கையில் வேலை இருக்காது, டிவியில் ஐபிஎல் ஓடும். பந்தய ஏஜெண்டுகள் எங்கள் கரையில் சுற்றுவதும் அந்த நாட்களில்தான். 2023-இல் நானும் ஒருவரிடம் ஏமாந்தேன். எங்கே ஏமாந்தேன் என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு வெகுநாள் ஆனது. அதனால்தான் எழுதுகிறேன்.

அகமதாபாத் இறுதிப் போட்டி, சென்னையும் குஜராத்தும். மே 28 அன்று மழையால் டாஸே போடவில்லை. ஆட்டம் மறுநாளுக்குப் போனது. 29-ஆம் தேதி மாலை, ஆட்டம் தொடங்கும் முன்பே வாட்ஸ்அப்பில் இரண்டு பந்தயம் சொன்னேன். சென்னை ஜெயிக்கும் என்று 2,000 ரூபாய், விலை 1.90, அதாவது ஜெயித்தால் போட்டதற்கு 1.90 மடங்கு வரும். சென்னை 185.5 ரன்னுக்கு மேல் அடிக்கும் என்று இன்னொரு 2,000, விலை 1.85.

குஜராத் 20 ஓவரில் 214 எடுத்தது. சென்னை மூன்று பந்து ஆடியதும் மழை கொட்டியது. நள்ளிரவுக்குப் பிறகு ஆட்டத்தை 15 ஓவராகக் குறைத்து, டக்வொர்த் லூயிஸ் ஸ்டெர்ன் முறைப்படி 171 என்று இலக்கு வைத்தார்கள். கடைசி இரண்டு பந்தில் ஜடேஜா சிக்ஸும் ஃபோரும் அடித்து முடித்தார். சென்னை 171.

மறுநாள் ஏஜெண்ட் சொன்ன கணக்கு இது: "ஓவர் குறைஞ்சிருச்சு தம்பி, அதனால ஜெயிக்கிற பந்தயம் கேன்சல், போட்ட 2,000 மட்டும் வரும். ரன் பந்தயத்துல 171-தானே வந்திருக்கு, அது தோத்தது." அவர் அண்ணே என்று நான் கூப்பிடுகிற ஆள். மறுபேச்சு இல்லாமல் 2,000 வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்புறம் இங்கிலாந்தில் உரிமம் வாங்கி நடத்தும் பந்தய நிறுவனங்களின் விதிகளை உட்கார்ந்து படித்தேன். அவர் சொன்னது நேர் தலைகீழ்.

யார் ஜெயிப்பார் என்ற பந்தயத்துக்கு அதிகாரபூர்வ முடிவுதான் கணக்கு. மழையால் இலக்கு மாறினாலும் வெற்றி வெற்றிதான், பணம் முழுசாகத் தர வேண்டும். முடிவே இல்லாமல் ஆட்டம் கைவிடப்பட்டால் மட்டும் பந்தயம் செல்லாது, போட்ட பணம் திரும்பும். அதே மாதம் 3-ஆம் தேதி லக்னோவில் சென்னை ஆடிய ஆட்டம் அப்படித்தான் மழையில் முடிவில்லாமல் போனது. டி20-இல் இரண்டாவது அணிக்கு குறைந்தது 5 ஓவராவது ஆட வாய்ப்பு கிடைத்தால்தான் முடிவு சொல்ல முடியும்.

ரன் எண்ணிக்கைப் பந்தயத்துக்கு வேறு விதி. ஓவர் குறைந்தால் ரன்னும் குறையும் இல்லையா? அதனால் பந்தயம் போட்ட நேரத்தில் எத்தனை ஓவர் என்று இருந்ததோ, அதில் 80 சதவீதமாவது மழையால் தடைபடாமல் வீச முடிந்திருக்க வேண்டும் என்று சில பெரிய நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. ஒரு ஓவர் குறைந்தாலே செல்லாது என்று சொல்லும் இடங்களும் உண்டு. 20 ஓவரில் 80 சதவீதம் 16. அன்று இருந்தது 15. எந்த விதியில் பார்த்தாலும் என் ரன் பந்தயம் செல்லாது, 2,000 திரும்பியிருக்க வேண்டும்.

இதில் ஒரு விலக்கு உண்டு. மழை வரும் முன்பே பந்தயத்தின் முடிவு தெரிந்துவிட்டால் மழை எதையும் மாற்றாது. மழைக்கு முன்பே சென்னை 185.5-ஐத் தாண்டியிருந்தால், நான் ஜெயித்த கணக்கு.

ஆக, முதல் பந்தயத்துக்கு 3,800, இரண்டாவதுக்கு 2,000, மொத்தம் 5,800 எனக்கு வர வேண்டியது. வந்தது 2,000.

போய்க் கேட்டேன். "நீ மழைக்கு அப்புறம்தானே சொன்ன" என்றார். இதைக் கவனியுங்கள். 15 ஓவர் என்று அறிவித்த பிறகு போட்டிருந்தால் அந்தப் 15 ஓவரை வைத்தே கணக்கு, ரன் பந்தயம் நிற்கும், நான் தோற்றவன்தான். என் செய்தியில் மாலை நேரம் பதிவாகி இருந்தது. காட்டினேன். "எங்க விதி வேற" என்றார். அந்த விதி எங்கே எழுதியிருக்கிறது என்றதற்கு பதில் இல்லை. அவருக்கு எழுதிய விதியே கிடையாது. விலையை மட்டும் வெளிநாட்டுத் தளத்தில் பார்த்துச் சொல்கிறார், மழை வந்தால் எந்தப் பக்கம் தனக்கு லாபமோ அதைச் சொல்கிறார்.

போலீசுக்குப் போகவும் வழியில்லை. இந்தப் பந்தயமே இங்கே சட்டவிரோதம். 2025-இல் வந்த மத்திய சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டு எல்லாவற்றையும் தடுத்துவிட்டது. அந்த ஆளுக்கு இது நன்றாகத் தெரியும்.

இப்போது வேறு நம்பரில் பந்தய ஐடி கொடுத்துக்கொண்டிருக்கிறார். பாம்பனில் என் மச்சான் ஒருவனுக்கும் போன தடைக்காலத்தில் செய்தி வந்தது. அவனிடம் இந்தக் கணக்கைக் காட்டினேன், நம்பரை அழித்துவிட்டான்.