பயனில் நிற்பதா, உணர்வு வரை ஏறுவதா?

கதவை மூடிய 30 விநாடியில் தானே பூட்டிக்கொள்ளும் பூட்டு ஒன்றுக்கு விளம்பர வரி எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்த 30 விநாடி, பொருளின் அம்சம். "அதனால் என்ன?" என்று ஒரு முறை கேட்டால் பயன் வரும்: "பூட்ட மறந்தாலும் வீடு பூட்டியிருக்கும்." மறுபடி கேட்டால் உணர்வு வரும்: "பாதி வழியில், 'பூட்டினேனா?' என்று நெஞ்சு பதறாது."

வாங்க முடிவு செய்து நாலைந்து பூட்டுகளை ஒப்பிட்டுக்கொண்டிருப்பவருக்குப் பயன் வரியே போதும். பூட்டைப் பற்றி யோசிக்காத ஒருவரை நின்று படிக்க வைப்பது உணர்வு வரிதான். அந்தப் பதற்றம் அவருக்குப் பழக்கமானது. நான் பெரும்பாலும் அதையே தலைப்பாக வைப்பேன். ஆனால் 30 விநாடி விவரம் உடனே கீழே வந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சொன்னதை நம்பக் காரணம் இருக்காது.

மூன்றாம் முறையும் கேட்டால் "நிம்மதியான வாழ்க்கை" என்று வந்து நிற்கும். அது வேண்டாம். சரி, எல்லை தாண்டியது எப்படித் தெரியும்? பூட்டு இருக்கும் இடத்தில் மெத்தையையோ காப்பீட்டையோ போட்டுப் பாருங்கள். அப்போதும் வரி பொருந்தினால் ஒரு படி இறங்கி, 'பூட்டினேனா?' என்ற அந்தக் கணத்துக்கே திரும்புங்கள்.