பெட்டி திறப்பா, அளவுகோலா? ரிவ்யூ வீடியோவுக்கு எந்த வரிசை

மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயருக்கு ரிவ்யூ எடுப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வரிசைகளில் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். பெட்டியைப் பிரித்து, உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாகக் காட்டி, மாட்டி, வயலில் அடித்துப் பார்த்து "சூப்பர், வாங்கலாம்" என்று முடிப்பது ஒன்று. எதையெல்லாம் பார்க்கப் போகிறோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டு அதை மட்டும் சோதிப்பது இன்னொன்று. நான் இரண்டாவதுக்கு மாறிவிட்டவன், அந்தப் பக்கச் சாய்வோடுதான் எழுதுகிறேன்.

பெட்டி திறப்பு எடுக்கச் சுலபம், பார்க்கவும் ஜாலி. ஆனால் அட்டையில் கம்பெனி எதைப் பெரிதாக அச்சடித்திருக்கிறதோ அதையே நாமும் படித்துக்கொண்டு போவோம்: 16 லிட்டர், 12 வோல்ட், 8 ஆம்ப்-அவர். மன்னார்குடிப் பக்கம் சம்பாவுக்கு மருந்தடிப்பவருக்கு அது எதற்கு? நாள் முழுக்க அடித்த பிறகும் காலையில் இருந்த வேகம் இருக்கிறதா, லான்ஸ் குழாய் இணைப்பில் கசிந்து கையில் வழிகிறதா, வாஷர் போனால் உள்ளூர்க் கடையில் கிடைக்குமா, இவைதான் அவருக்குத் தெரிய வேண்டும். என் அளவுகோல் இந்த மூன்றுதான். மிஷினில் சார்ஜ் போடுவதற்கு முன்பே இவற்றை எழுதி, ரிவ்யூவுக்கு மிஷின் கொடுத்த விற்பனையாளருக்கும் வாட்ஸ்அப்பில் தெரியப்படுத்திவிடுகிறேன். பிறகு கசிவைப் பற்றிப் பேச வேண்டாமே என்று அவர் சொல்ல வழியில்லை.

குளோசப்பும் இந்த வரிசையில்தான் உருப்படியாக வரும், ஏனென்றால் எதைக் கிட்டத்தில் காட்ட வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது. வேகத்துக்கு, நாசிலை அளவு ஜாடிக்குள் விட்டு ஒரு நிமிடம் ஓட விடுங்கள். ஓடும் ஸ்டாப்வாட்சும் அதே பிரேமில் இருக்கட்டும், நடுவில் வெட்டு கூடாது. வெறும் தண்ணீர் கேமராவில் தெரியாது, அதனால் டேங்கிலேயே சொட்டு நீலம் கொஞ்சம் விட்டுவிட்டால் மட்டம் பளிச்சென்று தெரியும். போன் தண்ணீர் மட்டத்துக்கு நேராக இருக்க வேண்டும், மேலிருந்து எடுத்தால் கோடு மாறித் தெரியும். ரொம்பக் கிட்டே போனால் போக்கஸ் பிடிக்காது, ஒன்றிரண்டு சாண் தள்ளி நின்று 2 மடங்கு ஜூம் வைத்து, திரையை அழுத்திப் பிடித்து போக்கஸைப் பூட்டிவிடுங்கள். சார்ஜ் இறங்கிய பிறகு இதையே இன்னொரு முறை எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். கசிவுக்கு, இணைப்பைச் சுற்றி ஒரு துண்டு செய்தித்தாள். நனைந்தால் காகிதம் கருத்துக் காட்டிவிடும்.

ஆனால் நான் மாறியதற்குப் பெரிய காரணம் ஸ்பான்சர் அறிவிப்பு. காசு வாங்கவில்லை, மிஷினை மட்டும் இலவசமாகக் கொடுத்தார்கள் என்றாலும் அதைச் சொல்லத்தான் வேண்டும். 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டலின்படி, வீடியோவில் பேச்சிலும் சொல்ல வேண்டும், எழுத்திலும் காட்ட வேண்டும், அதுவும் வீடியோ எந்த மொழியிலோ அந்த மொழியில். டிஸ்கிரிப்ஷனில் ஒரு வரி போட்டால் ஆகாது. யூடியூப்பில் பெய்ட் ப்ரமோஷன் என்ற இடத்தில் டிக் அடித்தால் வரும் லேபிளும் தொடக்கத்தில் சில விநாடி நின்றுவிட்டுப் போய்விடும். "இந்த மிஷினை விற்பனையாளர் இலவசமாகக் கொடுத்தார், திருப்பிக் கேட்கவில்லை" என்று நான் முதல் அரை நிமிடத்துக்குள் சொல்லிவிட்டு உடனே அளவுகோலுக்குப் போய்விடுகிறேன்.

அதோடு முடிந்தால் பெட்டி திறப்பிலும் செய்யலாமே என்பீர்கள். செய்யலாம்தான். ஆனால் நம் வீடியோவை யார் முழுசாகப் பார்க்கிறார்கள்? கசிவு காட்டும் துண்டை மட்டும் வெட்டி ஷார்ட்ஸில் போடுவோம், அது விவசாயிகள் குரூப்பில் சுற்றும், முதலில் சொன்ன அறிவிப்பு அதில் இருக்காது. எழுத்தைப் படத்திலேயே பதித்துவிட்டால்தான் துண்டோடு அதுவும் போகும். விளம்பரத் தரக் கவுன்சிலான அஸ்கியின் 2021 விதிப்படி, 15 விநாடிக்கு மேல் 2 நிமிடத்துக்குள் உள்ள வீடியோவில் லேபிள் மூன்றில் ஒரு பங்கு நேரம் நிற்க வேண்டும், 45 விநாடித் துண்டென்றால் 15 விநாடி. 2 நிமிடத்துக்கு மேல் போனால், அந்தப் பொருளைப் பற்றிப் பேசும் பகுதி முழுக்க நிற்க வேண்டும். அளவுகோல் வரிசையில் ஒவ்வொரு சோதனையும் தனித் துண்டு என்பதால், எங்கே வெட்டினாலும் லேபிள் உள்ளே இருக்கும்படி முன்கூட்டியே வைத்துவிடலாம். பெட்டி திறப்பில் பேச்சு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடும், எந்த இடத்தில் வெட்டுவோம் என்று நமக்கே தெரியாது. ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள், இடது மேல் மூலையைப் படம் எடுக்கும்போதே காலியாக விடுங்கள், இல்லையென்றால் லேபிள் ஜாடியின் அளவுக்கோட்டு மேல் உட்காரும்.

பேட்டரி எத்தனை போகத்துக்கு உழைக்கும் என்பதை இந்த வரிசையும் சொல்லாது, ஒரு சம்பாவுக்கு மேல் ஓட்டிப் பார்த்தால்தான் நானே பேச முடியும். பாகங்களை மாட்டுவதே சிக்கலான பொருள் என்றால் பெட்டி திறப்பு பரவாயில்லை. அங்கேயும் அந்த மூலையைக் காலியாக விட்டுவிட்டே எடுங்கள்.