உணர்வைச் சொல்வதா, பொருளைக் காட்டுவதா?

பத்து வருடம் இருந்த வீட்டைக் காலி செய்த அன்று, வெற்று அறையைப் படம் எடுத்தேன். துக்கம், நிம்மதி, கொஞ்சம் குற்ற உணர்வு, எல்லாம் ஒன்றாகச் சிக்கிக் கிடந்தன. படத்தைப் பகிரும்போது அதன் கீழே போட ஒரு வரி வேண்டும். எழுதிப் பார்த்தவை இரண்டு:

அ) "வலிக்கிறது, ஆனாலும் நிம்மதி."
ஆ) "சாவியைக் கொடுத்த பிறகும் கை பையைத் துழாவுகிறது."

எழுத எளிது: அ. ஒரு நிமிடம் போதும். ஆ-வுக்கு முதலில் ஒரு பத்தி கொட்டி எழுதி, அதில் கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடிக்க வேண்டும்.

படத்தோடு பொருத்தம்: இங்கேதான் ஆ ஜெயிக்கிறது. சாவி படத்தில் இல்லை, அதனால் வரி புதிதாக ஒன்றைச் சேர்க்கிறது. "வெறுமையான அறை" என்று எழுதியிருந்தால் படம் சொன்னதையே திரும்பச் சொன்னதாகியிருக்கும்.

தவறாகப் புரிவது: ஆ-வில் உண்டு. ஒரு நண்பர், "சாவி தொலைஞ்சிடுச்சா?" என்று கேட்டார்!

அப்புறம் நீளம். படம் பகிரும் செயலி நீண்ட வரியை 'மேலும்' என்று மடித்துவிடும். கனமான சொல் முன்னால் இருக்கட்டும்.

விஷயமே தெரியாதவர்களுக்குச் சேதி போய்ச் சேர வேண்டும் என்றால் அ. உங்களை அறிந்தவர்களுக்கு என்றால், தயங்காமல் ஆ.